பதினெட்டு பல்பும் ஒரு தவணையும்

கேள்வி: எங்கள் வீட்டில் 10 குண்டு பல்பும் 8 சிஎஃப்எல் பல்பும் இருக்கின்றன. எல்லாவற்றையும் எல்இடி ஸ்மார்ட் பல்பாக மாற்றினால் போட்ட பணம் எட்டே மாதத்தில் திரும்பிவிடும் என்கிறார், அந்த விற்பனையில் இருக்கும் என் மைத்துனர். 12 மாதத் தவணைக்கும் அவரே ஏற்பாடு செய்கிறாராம். முழுத் தொகைக்கும் 15 சதவீதம் வட்டி. போன வருடம் அவர் மூலம் எடுத்த டிவிக்கே இன்னும் 5 தவணை பாக்கி. கரண்ட் பில்லைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, மறுத்தால் மனைவி வருத்தப்படுவார். எந்த விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்ற பட்டியலையும் பில்லையும் இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: எல்இடி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பதில் உங்களுக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. அந்த எட்டு மாதம் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் தேடினேன். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடும். மிச்சம் 51 வாட். பதினெட்டு விளக்கும் குண்டு பல்பு, பதினெட்டும் தினம் 5 மணி நேரம் எரிகிறது என்று வைத்துப் பெருக்கினால், வட்டியைக் கணக்கில் சேர்க்காமல், எட்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஆக, உங்கள் ஸ்டோர் ரூம் பல்பும் தினம் 5 மணி நேரம் எரிகிறது என்று மைத்துனர் முடிவு செய்திருக்கிறார்.

நான் இந்தக் கணக்கைப் பணத்தில் போடுவதில்லை, யூனிட்டில் போடுவேன். பல்பின் விலைக்கு எத்தனை யூனிட் மின்சாரம் வாங்கலாம் என்று பாருங்கள். இதில் ஒரு வழுக்கல் உண்டு. பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வருவதை யூனிட் விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குள் நிலைக் கட்டணம் இருக்கிறது. பல்பை மாற்றினாலும் அது குறையாது. உங்கள் பில்லைப் போல யூனிட் கூடக்கூட விலை ஏறும் படிக்கட்டணமாக இருந்தால், மிச்சமாகும் யூனிட்டுகள் மேல்படியிலிருந்துதான் கழியும். அதனால் பில்லில் கடைசிப் படிக்கு என்ன விலை போட்டிருக்கிறதோ அதை எடுத்தேன். அந்த விலையில், மைத்துனர் தந்த விலைப்பட்டியலில் உள்ள சாதாரண எல்இடி பல்பு 20 யூனிட்டுக்குச் சமம். ஸ்மார்ட் பல்பு 60 யூனிட்.

இப்போது உங்கள் ஹாலைப் பாருங்கள். 51 வாட் மிச்சம் என்றால் 20 மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். 20 யூனிட் திரும்பி வர 400 மணி நேரம் எரிய வேண்டும். இந்த 400 மணி நேரம் வீட்டிலுள்ள எல்லாக் குண்டு பல்புக்கும் ஒன்றுதான். எத்தனை நாளில் அது முடிகிறது என்பது ஸ்விட்ச் எவ்வளவு நேரம் போட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. ஹாலில் தினம் 5 மணி நேரம் என்பதால் 80 நாளில் முடிந்துவிடும். அரை மணி நேரம் எரியும் குளியலறைக்கு 800 நாள், அதாவது இரண்டு வருடத்துக்கு மேல். 5 நிமிடம் எரியும் ஸ்டோர் ரூமுக்குப் பதின்மூன்று வருடம். சிஎஃப்எல் கதையே வேறு. 15 வாட் போய் 9 வாட் வந்தால் மிச்சம் வெறும் 6 வாட். 20 யூனிட்டை மீட்க 3,300 மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் சிஎஃப்எல்கள் தினம் ஒரு மணி நேரம்தான் எரிகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வருடம். எரிகிற சிஎஃப்எல்லைக் கழற்றுவதில் பொருளே இல்லை.

ஸ்மார்ட் பல்பு பற்றி எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு, மறைப்பானேன். போனில் தட்டினால் எரிய வேண்டும் என்றால் அது அணைந்திருக்கும்போதும் விழித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அரை வாட் வைத்துக்கொள்வோம். குளியலறையில் அரை மணி நேரம் எரிய அந்தப் பல்புக்கு நாளைக்கு 4.5 வாட்-மணி செலவாகிறது. மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் சும்மா இருப்பதற்கு கிட்டத்தட்ட 12. எரிவதற்கு ஆகும் செலவைவிடச் சும்மா இருப்பதற்கு அதிகம்! அதே இடத்தில் சிஎஃப்எல் இருந்தால் 7.5 வாட்-மணியோடு முடிந்திருக்கும். அப்படிச் சிஎஃப்எல் இருக்கும் இடத்தில் ஸ்மார்ட் பல்பு போட்டால் பணம் திரும்புவது இருக்கட்டும், பில் ஏறும். சுவர் ஸ்விட்சை அணைத்தால் விழித்திருக்கும் செலவு நிற்கும், ஆனால் அப்போது போனிலிருந்து அதை எரியவைக்க முடியாது.

உங்கள் பட்டியல்படி நேரம் அதிகம் எரிபவை நான்குதான்: வாசல் 6 மணி, ஹால் 5, சமையலறை 4, பிள்ளைகள் படிக்கும் அறை 4. நான்கும் குண்டு பல்பு. இந்த நான்கில் மட்டும் சாதாரண எல்இடி போட்டால் நாளைக்கு ஒரு யூனிட்டுக்கு ஒரு மயிரிழை குறைவாக மிச்சம். செலவு 80 யூனிட், மூன்று மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். மைத்துனர் சொல்கிறபடி பதினெட்டையும் ஸ்மார்ட்டாக மாற்றினால் தினசரி மிச்சம் எவ்வளவு? நானே இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். அதே ஒரு யூனிட்தான். மற்ற பதினான்கு விளக்கில் கிடைக்கும் சொற்ப மிச்சத்தைப் பதினெட்டும் விழித்திருந்தே தின்றுவிடுகின்றன. அதற்கு விலை 1,080 யூனிட், வட்டியோடு 1,242. திரும்பிவர மூன்றரை வருடம்.

வட்டியையும் பாருங்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போது முழுத் தொகைக்கும் 15 சதவீதம் வாங்குவது, குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் 26 சதவீதத்துக்கு மேல். உங்களை இப்போது நெருக்குவது பில் அல்ல, இந்தத் தவணைதான். டிவித் தவணை முடியும் முன்பே அதன்மேல் இன்னொன்றை அடுக்கப் பார்க்கிறீர்கள். பல்பு என்கிற அளவுக்குச் சின்னப் பொருளைக் கையில் இருக்கும் காசுக்கு வாங்க முடியாவிட்டால், அது பதினெட்டாக வாங்க வேண்டிய பொருளே இல்லை.

மைத்துனரிடம் முகத்தில் அடித்தாற்போல் மறுக்க வேண்டாம். "நாலு மட்டும் கொடு, ஸ்மார்ட் வேண்டாம், ரொக்கமாகத் தந்துவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். விற்பனையும் அவருக்குக் கிடைக்கும், உங்கள் வீட்டிலும் வருத்தம் வராது. வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல் அட்டையில் 800 லூமென் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சம் போதாமல் பிறகு இன்னொரு விளக்கையும் சேர்த்துப் போடுகிறவர்கள் நிறைய. வாசல் விளக்கு மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எல்இடியில் முதலில் போவது அடிப்பாகத்தில் இருக்கும் மின்சுற்று, அதைக் கொல்வது சூடு. மூடிய கூண்டுக்கு ஏற்றது என்று அட்டையில் போட்ட பல்பையே அங்கே மாட்டுங்கள். இல்லாவிட்டால் 400 மணி நேரக் கணக்கு முடிவதற்குள் அது மினுக்க ஆரம்பிக்கலாம்.

மற்ற ஆறு குண்டு பல்புகள் பெரும்பாலும் 1,000 மணி நேரம்தான் தாங்கும். ஒவ்வொன்றும் ஃப்யூஸ் ஆகும்போது அந்த இடத்தில் எல்இடி போடுங்கள். அன்றைக்கு எப்படியும் ஒரு பல்பு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதால், இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மட்டும் மீட்டால் போதும்.