காத்திருந்தால் சரியாகாது

அன்புள்ள அக்கா,
இறுதியாண்டு ப்ராஜெக்டில் நாங்கள் நான்கு பேர், நான் லீடர். தானியங்கிப் பாசனம் செய்கிறோம். கொடுத்த நாளில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. "ஹார்டுவேரை நீ பார்த்துக்கோ" என்று ஒருவனிடம் சொன்னேன், அவன் ஒன்றுமே செய்வதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கே தெரிய வேண்டாமா? தினமும் சண்டை. இது எந்தக் குழுவுக்கும் வரும் 'ஸ்டார்மிங்' என்ற சண்டைக் கட்டம், தானாகக் கடந்துபோகும் என்கிறார் சீனியர். காத்திருக்கவா? தலைமைப் பண்புக்கு ஏதாவது புத்தகம் சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,

புத்தகம் இப்போது வேண்டாம். காத்திருக்கவும் வேண்டாம்.

உன் சீனியர் சொல்கிற கட்டங்களை 1965இல் எழுதியவர் புரூஸ் டக்மன் என்ற உளவியலாளர். அவர் தொகுத்துப் படித்த ஆய்வுகளில் பெரும்பகுதி மனநல சிகிச்சைக் குழுக்களைப் பற்றியவை. அங்கே ரிவ்யூ தேதி கிடையாது, மார்க் கிடையாது. கானி கெர்சிக் என்ற ஆய்வாளர் கெடு வைத்து வேலை செய்யும் எட்டுக் குழுக்களைக் கவனித்து 1988இல் எழுதினார், அதில் மாணவர் குழுக்களும் உண்டு. முதல் கூட்டத்தில் பிடித்த வழியிலேயே போய்க்கொண்டிருந்தவர்கள் கெடுவின் பாதி நாள் கழிந்ததும்தான் விழித்துக்கொண்டு வழியை மாற்றினார்கள். நீங்கள் இப்போது ஏறக்குறைய அந்தப் பாதியில் நிற்கிறீர்கள்.

சண்டைக்கு வருவோம். அவனிடம் நீ என்ன சொன்னாய்? உன் கடிதப்படி, "ஹார்டுவேரை நீ பார்த்துக்கோ", அவ்வளவுதான். அவன் ஈரப்பத சென்சாரை வாங்கி, போர்டில் இணைத்து, திரையில் ஓர் எண் வந்ததும் தன் வேலை முடிந்தது என்று நினைத்திருப்பான். உன் மனதில் இருந்ததோ வேறு: காய்ந்த மண்ணில் எவ்வளவு காட்டுகிறது, நனைந்த மண்ணில் எவ்வளவு, எந்த எண்ணில் மோட்டார் ஓட வேண்டும், அதற்கொரு அட்டவணை, ரிப்போர்ட்டில் ஓர் அத்தியாயம். இதையெல்லாம் நீ வாய்திறந்து சொன்னாயா? "அவனுக்கே தெரிய வேண்டாமா" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்லாமல் எப்படியப்பா தெரியும்? நீ எதிர்பார்த்தது, வாயால் சொன்னது, அவன் காதில் வாங்கியது, கடைசியில் செய்தது, நான்கும் வேறு வேறு.

என் கல்லூரித் தோழி ஒருத்திக்கு இதைவிட மோசம். இங்கிலீஷ் நன்றாக வரும் என்பதால் ரிப்போர்ட் எப்போதும் அவள் தலையில். கைடோ, ரிவ்யூவில் சர்க்யூட்டை அவளே விளக்க வேண்டும் என்றார். அதே ராத்திரிக்குள் ரிப்போர்ட்டும் முடிய வேண்டும் என்று டீம் நச்சரித்தது. அவள் தூங்காமல் உழைத்தாள், இரண்டு பக்கமும் சோம்பேறி என்ற பெயர்தான் மிஞ்சியது. கைடு சொன்னது டீமுக்குத் தெரியாது, டீம் சொன்னது கைடுக்குத் தெரியாது. இரண்டு பேர் எதிரெதிராக எதிர்பார்க்கும்போது, நடுவில் இருப்பவர் எவ்வளவு உழைத்தாலும் தீராது. எதிர்பார்க்கிறவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தால்தான் தீரும். அவளை அன்று யாரும் அப்படி உட்கார வைக்கவில்லை, எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாளைக்கே நான்கு பேரும் ஆளுக்கொரு தாளில், அடுத்த ரிவ்யூவுக்குள் தன் வேலை என்ன, மற்ற மூவரின் வேலை என்ன என்று எழுதுங்கள். பேசிக்கொள்ளாமல் எழுத வேண்டும். அப்புறம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே பொருந்தவில்லையோ அதை மட்டும் பேசுங்கள். எல்லாம் தெரிந்தும் அவன் வேண்டுமென்றே கைகட்டி உட்கார்ந்திருந்தால், அதைப் பேச்சு தீர்க்காது, கைடிடம்தான் போக வேண்டும். அப்போதும் அவனுக்குத் தெரியாமல் போகாதே, தாள்களோடு நான்கு பேரும் சேர்ந்து போங்கள்.

அன்புடன்,
அக்கா