சென்னிமலைப் போர்வைக்கு எந்த வழியில் செலவு குறைவு?

கேள்வி: சென்னிமலைப் போர்வைகளைப் பெரிய இணையச் சந்தையில் விற்றால் லாபமா, சொந்த இணையதளத்தில் விற்றால் லாபமா?

800 ரூபாய்ப் போர்வை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சந்தையில் கமிஷன், இதர கட்டணங்கள், அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்து 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அவற்றின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 236 ரூபாய் பிடிக்கப்படும். சொந்தத் தளத்தில் பணம் பெறும் கட்டணம் 2 சதவீதமும் அதன் வரியுமாக 19 ரூபாய், கூரியர் 80 ரூபாய்; ஆனால் 6,000 ரூபாய் விளம்பரத்துக்கு 50 ஆர்டர்கள் வந்தால், ஒவ்வொன்றின் மேலும் 120 ரூபாய் ஏறி மொத்தம் 219 ஆகிவிடும். பலரும் கணக்கில் விட்டுவிடுவது இந்த விளம்பரச் செலவைத்தான். அதே வாடிக்கையாளர் விளம்பரமின்றித் திரும்பி வரும்போதுதான் செலவு 99 ரூபாயாக இறங்கும் என்பதால், மறுமுறை வாங்குவோர் சேரும் வரை சந்தையை விட வேண்டாம் என்பதே என் கருத்து. பொருளைப் பெற்றபின் பணம் தரும் முறையில் ஒருவர் வாங்க மறுத்தால், இருவழிக் கூரியரும் உங்கள் தலையில்தான் விழும்.