ரிமோட்டில் எழுத்து எழுத்தாகத் தட்டாமல் படம் தேட வழி உண்டா?

"என்னுடையது ஆண்ட்ராய்டு டிவி. ஒரு படப் பெயரை அடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடுகிறது. வேகமான வழி சொல்லுங்கள்."

ரிமோட்டில் மைக் பட்டனை அழுத்திப் பிடித்துப் பேசுங்கள். ஆனால் வெறும் பெயர் போதாது. '96' என்று மட்டும் சொன்னால் டிவி அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு எதையெதையோ காட்டலாம். "96 தமிழ் மூவி விஜய் சேதுபதி" என்று நடிகர் பெயரோடு சொன்னால் குழப்பம் குறையும். நீங்கள் சொன்னது திரையில் எழுத்தாக வரும். அங்கே தப்பாக இருந்தால் முடிவும் தப்புதான்.

இரண்டு முறை சொல்லியும் பிடிபடவில்லையா? மல்லுக்கட்ட வேண்டாம். டிவியில் படம் பார்க்கும் அதே ஆப்பைப் போனில் திறந்து, தட்டச்சு செய்து தேடி, படத்தை டிவிக்கு அனுப்பும் காஸ்ட் குறியைத் தொடுங்கள். வீடியோவை டிவியே நேரடியாக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்; போனைப் பூட்டி வைத்தாலும் படம் ஓடும். (ஸ்கிரீன் மிரரிங் அப்படியல்ல, போன் திரை அணைந்தால் படமும் போய்விடும்.)

காஸ்ட் பட்டியலில் டிவி பெயர் வரவில்லையென்றால் முதலில் வைஃபையைப் பாருங்கள். போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் போன், விருந்தினருக்கென ரவுட்டர் தனியாகத் தரும் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போயிற்று.