ஆண்டுக் கழிவுக்குக் கிரெடிட் நோட்: பழைய பில்லைத் தொட வேண்டாம்

கேள்வி: "இராமநாதபுரத்தில் படகுப் பெயின்ட், ரெசின், மீன்வலை மொத்த வியாபாரம் செய்கிறேன். ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் வாங்கினால் மொத்த வாங்கலுக்கும் 3 சதவீதம் கழிவு என்று 2025 ஏப்ரலிலேயே மண்டபம் கடைக்காரர் ஒருவருக்குக் கடிதம் கொடுத்திருந்தேன். 2025–26இல் அவர், வரி நீங்கலாக, 9 லட்சத்துக்குப் பெயின்டும் ரெசினும், 3 லட்சத்துக்கு வலையும் வாங்கியிருக்கிறார். இப்போது கிரெடிட் நோட் போட வேண்டும். போன ஆண்டு பில்களையும் ரிட்டர்ன்களையும் திருத்த வேண்டுமா? வரியும் குறையுமா? 'நான் எடுத்த வரி வரவைக் குறைத்துக்கொள்ள முடியாது' என்கிறார் கடைக்காரர்."

பதில்: பழைய பில் ஒன்றையும் திருத்த வேண்டாம், தாக்கல் செய்த ரிட்டர்னையும் தொட வேண்டாம். ஆனால் போன ஆண்டு விற்பனை உங்கள் கணக்குப் புத்தகத்தில் குறையும். வரி குறைவது கிரெடிட் நோட் போடும் மாதத்தில். இந்த இரண்டும் வெவ்வேறு காலத்தில் நடப்பவை. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் குழம்புகிறார்கள்.

முதலில் புத்தகக் கணக்கு. கடைக்காரர் 10 லட்சத்தைத் தாண்டியதுமே, வாங்கிய மொத்தச் சரக்குக்கும் 3 சதவீதம் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு வந்துவிட்டது. உங்கள் தொழிலில் விற்பனை ஆண்டின் தொடக்கத்திலேயே குவிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படுகின்றன, பெயின்டும் ரெசினும் அப்போதுதான் அதிகம் போகும். சரக்கு மே மாதம் போயிருக்கலாம், கழிவு எவ்வளவு என்பது மார்ச்சில் உறுதியாகியிருக்கலாம், கிரெடிட் நோட்டின் தேதி அதற்குப் பிந்தியதாகவே இருக்கும். ஆனாலும் அந்த 36,000 ரூபாய் 2025–26இன் விற்பனையைச் சேர்ந்தது. ஆகவே 31.3.2026 தேதியிட்டு விற்பனைக் கழிவில் 36,000 பற்று, கொடுபட வேண்டிய கழிவில் 36,000 வரவு என்று எழுதுங்கள். அந்தக் கடைக்கான ஆண்டு விற்பனை 12,00,000 என்பது 11,64,000 ஆகிவிடும். இதை அடுத்த ஆண்டின் செலவாக எழுதினால் போன ஆண்டு லாபம் 36,000 கூடுதலாகத் தெரியும், அதற்கு வருமான வரியும் ஓர் ஆண்டு முன்னதாகவே கட்டியிருப்பீர்கள்.

மார்ச் பதிவில் ஜிஎஸ்டியைச் சேர்க்காதீர்கள். அது கிரெடிட் நோட் போடும் நாளில் வரட்டும். அந்த ஆண்டு மாதாந்தர ரிட்டர்ன்களில் 12,00,000 என்றே இருக்கும், புத்தகத்தில் 11,64,000 இருக்கும். இந்த 36,000 வித்தியாசம் பிழையல்ல. ஆண்டு ரிட்டர்ன் GSTR-9 தாக்கல் செய்பவராக இருந்தால், அடுத்த ஆண்டில் போட்டாலும் இந்த ஆண்டு விற்பனையைக் குறைக்கும் கிரெடிட் நோட்டுக்கு அதில் அட்டவணை 11 இருக்கிறது. வித்தியாசம் எதனால் வந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வைத்துவிடுங்கள். பின்னால் யாராவது கேட்டால் நினைவிலிருந்து தேட வேண்டியிருக்காது.

இனி வரி. 36,000 முழுவதற்கும் 18 சதவீதம் போட்டு 6,480 என்று கணக்கிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. பெயின்டுக்கும் ரெசினுக்கும் 18 சதவீதம், மீன்வலைக்கு 5 சதவீதம். எந்தச் சரக்கை எந்த விகிதத்தில் விற்றீர்களோ அந்த விகிதத்தில்தான் வரியைக் குறைக்க முடியும். 9 லட்சத்துக்கான கழிவு 27,000, அதன் வரி 4,860. 3 லட்சத்துக்கான கழிவு 9,000, அதன் வரி 450. ஆக வரி 5,310. அதில் பாதியான 2,655 மத்திய ஜிஎஸ்டி, மற்றப் பாதி மாநில ஜிஎஸ்டி. கிரெடிட் நோட்டின் மொத்தத் தொகை 41,310. 6,480 போட்டிருந்தால் 1,170 ரூபாய் வரியை உரிமையில்லாமல் குறைத்ததாக ஆகியிருக்கும்.

ஓர் ஆண்டின் பல பில்களுக்கும் சேர்த்து ஒரே கிரெடிட் நோட் போடச் சட்டம் இடம் தருகிறது. 2025–26 விற்பனைக்கு ஒன்று, வேறு ஆண்டு விற்பனை இருந்தால் அதற்குத் தனியாக ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டின் பில் எண், தேதி, மதிப்பு, வரி விகிதம் ஆகியவற்றை ஒரு பட்டியலாக்கிக் கிரெடிட் நோட்டுடன் இணையுங்கள். விற்பனைக்குப் பின் தரும் தள்ளுபடியால் வரி குறைய வேண்டுமானால், அது விற்பனைக்கு முன்போ விற்கும்போதோ செய்த உடன்பாட்டில் இருந்திருக்க வேண்டும், உரிய பில்களோடு தொடர்புபடுத்தப்படவும் வேண்டும் என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவு நிபந்தனை வைத்தது. இந்த நிபந்தனையை நீக்கும்படி 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தது. ஆனால் 2025–26இல் நடந்த விற்பனைக்கு அந்தத் தளர்வை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் ஏப்ரல் கடிதமும் இந்தப் பட்டியலும் கையில் இருந்தால் எப்படிப் பார்த்தாலும் உங்கள் நிலை உறுதியானது. அதே கடிதத்தை எடுத்து, 3 சதவீதம் வரிக்கு முந்தைய மதிப்பின் மீதா, பில்லின் முழுத் தொகையின் மீதா என்றும் பாருங்கள். இதன் பலனைக் கீழே சொல்கிறேன்.

கிரெடிட் நோட்டை அது போட்ட மாதத்தின் GSTR-1இல் அட்டவணை 9Bயில் காட்ட வேண்டும். அந்த மாத GSTR-3Bயில் உங்கள் வரிப் பொறுப்பு 5,310 குறையும். விற்பவர் ஏற்றும் பில்லையும் கிரெடிட் நோட்டையும் வாங்குபவர் ஏற்கவோ நிராகரிக்கவோ ஜிஎஸ்டி தளத்தில் IMS என்றொரு திரை இருக்கிறது, அதே விவரம் கடைக்காரரின் அந்தத் திரையில் போய் நிற்கும். அவர் ஏற்றுக்கொண்டாலும், ஒன்றும் செய்யாமல் விட்டாலும், அவருடைய வரி வரவில் 5,310 குறைந்துவிடும். நிராகரித்தால் அந்தத் தொகை அடுத்த மாத GSTR-3Bயில் உங்கள் பொறுப்பாகத் திரும்பி வந்து சேரும். ஆகவே கடைக்காரரின் சம்மதத்தை முதலில் வாங்கிவிடுங்கள். முன்கூட்டிப் பேசாமல் கிரெடிட் நோட்டை ஏற்றினால், அவருடைய கணக்காளர் பார்த்ததும் நிராகரித்துவிட வாய்ப்பு உண்டு.

அவருடைய தயக்கத்துக்குப் பதில் கணக்கிலேயே இருக்கிறது. வரியுடன் கிரெடிட் நோட் போட்டால், அவர் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி 41,310 குறைகிறது. வரி வரவில் 5,310ஐ விட்டுக்கொடுக்கிறார். மிஞ்சுவது 36,000. வரி இல்லாமல் 36,000க்கு மட்டும் வணிகக் கிரெடிட் நோட் போட்டால், பாக்கி 36,000 குறைகிறது, வரி வரவு அப்படியே இருக்கிறது. மிஞ்சுவது அதே 36,000. உங்கள் பக்கமும் அப்படியே: முதல் வழியில் 41,310 கொடுத்து 5,310 வரியைக் குறைத்துக்கொள்கிறீர்கள், இரண்டாவது வழியில் 36,000 கொடுக்கிறீர்கள், வரி மாறுவதில்லை. இருவரும் வழக்கமான பதிவு பெற்று முழு வரி வரவு எடுப்பவர்களாக இருக்கும்வரை யாருக்கும் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் வராது.

ஆகவே அவர் மறுத்தால் சண்டை போட வேண்டியதில்லை. வரியில்லாத கிரெடிட் நோட் போடுங்கள். அப்படிச் செய்தால் நீங்கள் வரியைக் குறைக்க முடியாது, அவர் வரி வரவைத் திருப்ப வேண்டியதும் இல்லை. மத்திய மறைமுக வரி வாரியம் 2025 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையிலும் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. இந்தக் கிரெடிட் நோட் GSTR-1இல் ஏறாது, புத்தகத்தில் மட்டும் இருக்கும். மார்ச் 31 பதிவும் மாறாது. உங்கள் நிலையில் நான் இருந்தால், வரித் தொகை 5,310 மட்டுமே என்பதால், இந்த வழியைத்தான் எடுப்பேன்.

ஆனால் இரண்டு சூழ்நிலைகளில் என் பதில் மாறும். ஒன்று, மேலே சொன்ன கடிதத்தின் வாசகம். பில்லின் முழுத் தொகைக்கு 3 சதவீதம் என்று எழுதியிருந்தால், வரியுடன் சேர்ந்த 13,77,000க்குக் கழிவு 41,310. இதை வரியில்லாத கிரெடிட் நோட்டாகக் கொடுத்தால் 41,310ம் உங்கள் கையிலிருந்தே போகும், 5,310 வரியை மீட்க வழியிருக்காது. அங்கே வரியுடன் கிரெடிட் நோட் போட்டால்தான் உங்கள் உண்மைச் செலவு 36,000இல் நிற்கும். அப்போது மண்டபம் கடைக்காரரிடம் பொறுமையாகப் பேசத்தான் வேண்டும்.

மற்றொன்று, வாங்குபவர் தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரராக இருப்பது. பாம்பனிலோ தொண்டியிலோ உங்களுக்கு அப்படி யாராவது இருக்கலாம். அவர் வரி வரவே எடுக்காதவர், திருப்பவும் ஒன்றும் இல்லை. அதே அளவு வாங்கியிருந்தால், வரியுடன் கிரெடிட் நோட் போடும்போது அவருக்கு முழு 41,310ம் கிடைக்கும், உங்களுக்குச் செலவு அதே 36,000தான். அவருக்கு வரியில்லாத கிரெடிட் நோட் கொடுப்பது அவர் பையிலிருந்து 5,310ஐ எடுத்து அரசுக்குக் கொடுப்பதாகும். அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டாயம் வரியுடனே போடுங்கள்.

கடிதத்தில் இன்னொன்றும் பாருங்கள். உங்கள் சரக்கைக் கடை முகப்பில் வைத்து விளம்பரப் பலகை மாட்ட வேண்டும் என்பது போன்ற வேலைக்காகத்தான் அந்தத் தொகை என்று எழுதியிருந்தால், அது கழிவே அல்ல. கடைக்காரர் செய்த சேவைக்கான கூலி என்று ஆகும், அவர்தான் உங்களுக்கு வரியுடன் பில் போட வேண்டும். வாங்கிய அளவுக்கு மட்டும் தரும் கழிவு என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

கடைசியாகக் காலக்கெடு. வரியுடன் கூடிய கிரெடிட் நோட்டை, விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள், அல்லது ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தையதோ அதற்குள் ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். உங்களுக்கு அந்த நாள் 30.11.2026. நவம்பர் மாதம் போடும் கிரெடிட் நோட் டிசம்பரில் தாக்கலாகும் ரிட்டர்னில்தான் ஏறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிரெடிட் நோட்டின் தேதி அக்டோபரைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்காளர் ஆகஸ்டிலேயே GSTR-9ஐத் தாக்கல் செய்துவிட்டால் கதவு அன்றே மூடிவிடும், ஆகவே அவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தேதி தவறிவிட்டால் மிஞ்சுவது வரியில்லாத கிரெடிட் நோட் மட்டுமே.