எதிரே நிற்கிறவர் வாடிக்கையாளர்

அன்புள்ள சார்,

கருங்கல் பக்கம் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். பதினான்கு வருடத் தொழில். ஜாக்கெட் தைக்கச் சொல்லிக்கொடுக்கும் வீடியோ வகுப்பு எடுத்து விற்கலாம் என்று மகள் சொன்னாள். போனை மேசைக்கு எதிரே நிறுத்திப் பன்னிரண்டு பாடம் எடுத்துவிட்டோம். விற்பதற்கு முன் தெரிந்த ஐந்து பெண்களுக்குச் சும்மா கொடுத்துப் பார்த்தேன். ஒருத்தி போன் பண்ணி அழுதாள். ஜாக்கெட்டின் இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டதாம். நான் சரியாகத்தான் வெட்டிக் காட்டியிருக்கிறேன். அவள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். நல்ல கேமராவும் மைக்கும் வாங்க வேண்டுமா? எவ்வளவு விலை வைக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கேமரா வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். மைக் இருநூறு முந்நூறு ரூபாய்க்குச் சட்டையில் குத்துவது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஷீட் கூரையில் மழை அடிக்கும்போது எடுக்காதீர்கள். நம் ஊரில் இரண்டு மழைக்காலம் என்பதால் அதற்கே பாதி வருடம் போய்விடும். மீன்காரர் வண்டியின் ஹாரன் கேட்டால் கேட்கட்டும். விலையைப் பற்றி இப்போது பேச வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் கை வெட்டும் பாடத்தை அனுப்பச் சொல்லி வாங்கி மூன்று முறை பார்த்தேன். அந்தப் பெண் நன்றாகக் கவனித்திருக்கிறாள். நீங்கள்தான் கவனிக்கவில்லை.

எங்கள் சித்தி மார்த்தாண்டம் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன அறையில் கடை வைத்திருந்தாள். பள்ளி விட்டதும் எனக்கு அங்கேதான் இருப்பு. தொழில் படிக்க மூன்று நான்கு பெண்கள் வருவார்கள். புதிதாக வருகிறவள் மரியாதைக்காக மெஷினுக்கு எதிரே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். சித்தி தலையைத் தூக்காமலே சொல்லுவாள்: “எதிர்ல நிக்கது ஜாக்கெட் வாங்க வந்தவ. நீ இங்க வா பிள்ளே, எனக்க எடது தோளுக்குப் பின்னால நில்லு.” எந்தப் பெண்ணானாலும் அதே இடம், அதே இடது தோள். அப்போது அது எனக்கு வெறும் அதிகாரமாகத் தெரிந்தது. உங்கள் வீடியோவைப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு சரியான இடம் என்று உறைத்தது.

மெஷினில் ஊசி இடது கோடியில் இருக்கிறது. வலது பக்கம் முழுக்கத் தலையும் சக்கரமும். வலப்பக்கம் நின்றால் இரும்பைத்தான் பார்க்கலாம். வெட்டும்போதும் அப்படித்தான். கத்திரி பிடித்த வலது கை சாக்பீஸ் கோட்டை வலப்பக்கத்திலிருந்து மறைத்துவிடும். இடது தோளுக்குப் பின்னால் நின்றால் ஊசி, பாதம், கோடு எல்லாம் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், ஆசிரியையின் இடது அங்கே மாணவிக்கும் இடதுதான். எதிரே நின்றால் நீங்கள் ‘முன்பக்கம் இது’ என்று தொடுவது அவளுக்குத் தலைகீழாய், மறுபக்கமாய்த் தெரியும். ஒவ்வொரு முறையும் மனதுக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். தினமும் தைப்பவளுக்கு அது பழகியிருக்கும். இன்றுதான் கத்திரி பிடித்தவளுக்குத் தலை சுற்றும். கூடவே மகள் முன்கேமராவில் எடுத்திருந்தால் இன்னொரு திருப்பலும் சேர்ந்துவிடலாம். டேப்பில் எண்கள் நேராக விழுகின்றனவா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

ஆகவே போன் உங்கள் இடது தோளுக்கு மேல், கொஞ்சம் பின்னால், மேசையைப் பார்த்துக் கவிந்திருக்க வேண்டும். உத்தரத்திலிருந்து ஒரு கம்பியோ சுவரில் அடித்த மரச்சட்டமோ போதும். டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் படத்தில் கோடு ஓடக்கூடும், பகலில் ஜன்னலோரம் எடுங்கள்.

ஆனால் அந்தப் பெண்ணின் கை கெட்டது இதனால் மட்டும் இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

கோடு நன்றாகத் தெரியட்டும் என்று வெளிர் மஞ்சள் பிளெயின் காட்டன் எடுத்திருக்கிறீர்கள். நல்ல யோசனைதான். இரண்டாக மடித்து மேலே பேட்டர்னை வைத்து ஒரே வெட்டில் இரண்டு கையையும் எடுத்துவிட்டீர்கள். மடித்து வெட்டினால் இடதும் வலதும் ஜோடியாகத் தானே வந்துவிடும். பதினான்கு வருடப் பழக்கம், அதனால் ஏன் மடித்தோம் என்று வாயால் சொல்லவே இல்லை. அவள் எடுத்தது புடவையோடு வந்த எண்பது சென்டிமீட்டர் பிட், பிரிண்ட் போட்டது. முன்னும் பின்னும் வெட்டிய பிறகு, கைக்கு மடிக்கிற அளவு துணி ஒரே இடத்தில் மிஞ்சாது. மூலைக்கொன்றாகத் தனித்தனியே வெட்டியிருப்பாள். பேட்டர்னை இரண்டு முறையும் ஒரே பக்கமாக வைத்திருப்பாள். இரண்டாவது முறை கவிழ்த்துப் போட வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

இதையே உங்கள் மஞ்சள் துணியில் செய்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்று. ஒரு கையைத் திருப்பிப் போட்டால் மறுகை ஆகிவிடும். அதாவது, நடக்கக்கூடிய தவறு நடக்கவே முடியாத துணியில் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். பிரிண்ட் துணியில் அப்படித் திருப்பினால் வெளுத்த உள்பக்கம் வெளியே வரும். திருப்பாமல் வைத்தால் முன்வளைவு முதுகுப்பக்கம் போகும்.

அப்படிப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கையின் முன்வளைவு பின்வளைவைவிட ஆழமாகக் குடைந்திருக்கும். மாறி வைத்தால் முன்னால் அக்குளோரம் துணி சுருண்டு நிற்கும். கையை முன்னே நீட்டினால் முதுகில் இழுக்கும். இந்த இரண்டையும் பார்த்தால் கை மாறிவிட்டது என்று சொல்லிவிடலாம். உடம்பின் கைவளைவு பதினாறு இஞ்ச் இருக்க, கை பதினேழு வந்துவிட்டால் வருகிற சுருக்கம் வேறு. அது தோளுக்கு மேலே குவியும். அரை இஞ்ச் வரை கூடினால் விரலால் ஒதுக்கித் தைத்துவிடலாம். ஒரு இஞ்ச் என்றால் வெட்டிலேயே கோளாறு.

கடையில் சித்தி இதையெல்லாம் பாடமாக நடத்தியதே இல்லை. பெண் தவறாகத் தைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். முடிந்த பிறகு “பிரி” என்பாள். ஒரே சொல். ஒரு பக்கத்தில் நான்கைந்து தையலுக்கு ஒரு இடம் பிளேடால் நறுக்கிவிட்டு, மறுபக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் துணி கிழியாமல் வந்துவிடும். ஒரு பெண் கண்ணீரோடு நூலை இழுத்துக்கொண்டிருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்று சித்தி அவளுக்கு மட்டும் டீயோடு ஒரு பழம்பொரி வாங்கிக் கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் உண்டு.

சித்தியால் பார்க்க முடிந்தது. உங்களால் முடியாது. வீடியோவில் அவள் உங்கள் கையைப் பார்க்கிறாள், அவள் கையை நீங்கள் பார்ப்பதில்லை. அதனால் அவள் செய்யப்போகிற தவறை நீங்களே முன்கூட்டிச் செய்து காட்ட வேண்டும். கை வெட்டும் பாடத்தை பிரிண்ட் துணியில் திரும்ப எடுங்கள். முதலில் மடித்து, பிறகு தனித்தனியாக. முன்வளைவில் கத்திரியால் சின்னதாய் ஒரு வெட்டுப் போட்டு, ‘இது முன்பக்கம்’ என்று சொல்லுங்கள். பிறகு வேண்டுமென்றே மாற்றி வைத்துத் தைத்து, யாரையாவது போடச் சொல்லி அந்தச் சுருக்கத்தைக் கிட்டத்தில் காட்டுங்கள். பிறகு பிரியுங்கள். வேகமாக ஓட்டாமல், முழுசாக. துணி நிறத்துக்கு மாறான சிவப்பு நூல் போட்டால் தையல் தெரியும்.

மற்ற பதினோரு பாடத்தையும் இப்படி ஒருமுறை பாருங்கள். விலையைப் பற்றி அதற்குப் பிறகு எழுதுங்கள்.

அதுவரை ஒரு வேலை. அந்தப் பெண்ணிடம் ஜாக்கெட்டைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். புதுத் துணிக்குப் பணம் கொடுத்து அதை அப்படியே வாங்கி வையுங்கள். நீங்கள் வேண்டுமென்றே தைத்தால்கூட இவ்வளவு சரியாகத் தப்பு வராது.