காபிக்கு ஒட்டிய கீபி, மீட்டிங்குக்கு ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: புதிதாகச் சேர்ந்த ஆபீஸில் மேனேஜருக்கு, "சார், நாளைக்கு மீட்டிங் கீட்டிங் இருந்தா முன்னாடியே சொல்லுங்க" என்று வாட்ஸ்அப் அனுப்பினேன். "கீட்டிங்னா என்ன தம்பி?" என்று பதில் வந்தது. இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. தினமும் எங்களிடம் "காபி கீபி சாப்டீங்களா?" என்று கேட்பவர்தான் அவர். அதில் இல்லாத தப்பு இதில் என்ன இருக்கிறது?

பதில்: இலக்கணப்படி நீங்கள் எழுதியதில் ஒரு குறையும் இல்லை. சொல்லின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு, அது குறிலானால் கி, நெடிலானால் கீ போட வேண்டும். பணம் கிணம், மழை கிழை, தோசை கீசை, ஊசி கீசி. மீட்டிங்குக்குக் கீட்டிங் சரியாகவே வந்திருக்கிறது. இதை எதிரொலிச் சொல் என்பார்கள். 'சலசல' போன்ற இரட்டைக்கிளவி வேறு; அதில் பாதியைப் பிரித்தால் எதுவும் மிஞ்சாது. 'தோட்டம் துரவு' போன்ற இணைமொழியும் வேறு. துரவு என்றால் கிணறு, அதற்கென்று ஒரு பொருள் உண்டு. கீபிக்கு அப்படி எதுவும் கிடையாது. "புலி கிலி வந்துடப் போகுது" என்கிறோம். கிலி என்று பயத்துக்கு ஒரு சொல் இருந்தும், அங்கே யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை. அந்த இடத்தில் அது வெறும் ஓசை.

ஆனால் அந்த ஓசை வந்ததும் முன்னால் உள்ள சொல்லின் வேலி அகன்றுவிடுகிறது. ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பெண், "காலைல காபி குடிச்சீங்களா?" என்று கேட்கிறார். இவர் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார். "இல்லை" என்றால் அது பொய் ஆகாது, கேட்டது காபியைத்தானே. அதே கேள்வி "காபி கீபி குடிச்சீங்களா?" என்று வந்தால், "இல்லை" என்பது சுத்தமான பொய். டீ மட்டுமில்லை, கூடவே இரண்டு பிஸ்கட் சாப்பிட்டிருந்தாலும் இப்போது சொல்லியாக வேண்டும். வெறும் வயிற்றைக் கெடுக்கும் எல்லாமே அந்தக் கீபிக்குள் வந்துவிட்டது.

அதே காபி கீபி வீட்டு வாசலில் வேறு கணக்கு. வந்தவரிடம் "காபி கீபி சாப்பிடுறீங்களா?" என்றால் டீ, பால், மோர் எல்லாம் அடக்கம், சாப்பாடு அடக்கமில்லை. "காபி சாப்பிடுறீங்களா?" என்று மட்டும் கேட்ட வீட்டில் "டீ கிடைக்குமா?" என்று கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கீபி இருந்தால் கூச்சம் வேண்டாம், கேட்டவரே இடம் விட்டுத்தான் கேட்டிருக்கிறார். (எல்லாக் குடும்பத்திலும் ஒரு மாமா இருப்பார், "காபி வேண்டாம்மா, கீபி மட்டும் குடு" என்பார். கீபி தனியாக நிற்காது என்பதுதான் அந்த நகைச்சுவையின் முழு முதலீடு.)

அதாவது, கீபி சொல்வது "இதுவோ, இந்த இடத்தில் இது போல வரக்கூடிய வேறு எதுவோ" என்று. அதனால்தான் கேள்வியிலும், "இருந்தால், வந்தால்" என்ற பேச்சிலும், எச்சரிக்கையிலும் இது இயல்பாக உட்காருகிறது. "புதர்ப் பக்கம் போகாதே, பாம்பு கீம்பு இருக்கும்" என்றால் தேளும் பூரானும் அதில் சேர்த்தி. வினையிலும் உண்டு: "ஓடாதே, விழுந்து கிழுந்து வைக்காதே." ஆனால் நடந்து முடிந்த ஒரு குறிப்பான நிகழ்ச்சியைச் சொல்லும்போது ஒட்டாது. "நேற்று என்னை ஒரு பாம்பு கீம்பு கடித்தது" என்று யாரும் சொல்வதில்லை. கடித்தது எது என்று தெரிந்த பிறகு "இது போல வேறு எதுவோ" என்பதற்கு இடமில்லை. "ரெண்டு காபி கீபி" என்று எண்ணிச் சொல்லாததற்கும் காரணம் இதுதான்.

இப்போது உங்கள் மேனேஜரின் கோபத்துக்கு வருவோம். "எதுவானாலும் சரி" என்பதற்கு இன்னொரு முகம் இருக்கிறது: எது என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்கு அது பெரிசில்லை. காபி கொடுப்பவர் தன் காபியைத் தானே சின்னதாக்கிக்கொள்கிறார், அது உபசாரத்தில் அடக்கமாகக் கேட்கிறது. மீட்டிங் உங்களுடையது இல்லை, அவர் கூட்டுவது. அடுத்தவர் பொருளைச் சின்னதாக்கினால் அது அலட்சியமாகக் கேட்கும். நான் இதற்கு வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்: பொருள் யாருடையது? "என் வீட்ல பழசு கிழசு இருந்தா எடுத்துட்டுப் போ" என்று நாம் சொல்லலாம், "உங்க வீட்ல பழசு கிழசு இருக்கா?" என்றால் முகம் மாறும். ஆளைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் மோசம். "டாக்டர் கீக்டர் யாராவது இருக்காங்களா?" என்பதை ஒரு டாக்டர் பக்கத்தில் நின்று கேட்டால் ரசிக்க மாட்டார். பாம்புக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை, அதனால் பாம்பு கீம்பில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இன்னொன்றும் அவர் காதில் விழுந்திருக்கும். சண்டையில் நாம் சொல்வது எது? "காபியும் கிடையாது, கீபியும் கிடையாது, கிளம்பு." அல்லது "மீட்டிங்காவது கீட்டிங்காவது!" 'உம்', 'ஆவது' இரண்டு பாதியிலும் ஏறிவிட்டால் அது முழு எரிச்சல். நீங்கள் எழுதியதில் அந்த விகுதிகள் இல்லை என்றாலும், கீட்டிங் என்ற ஓசையை அவர் அந்த மாதிரி வாக்கியங்களில்தான் அதிகம் கேட்டிருப்பார். நேரில் சொல்லியிருந்தால் சிரிப்பும் குரலும் காப்பாற்றியிருக்கும். பேச்சில் கீட்டிங்கை வேகமாக, அழுத்தம் இல்லாமல் விழுங்கிவிடுவோம். திரையில் அது மீட்டிங்குக்குச் சமமான அளவில் எழுந்து நிற்கிறது.

வேண்டிய அர்த்தம் கெடாமல் இதைச் சொல்ல வழி எளிது. கீட்டிங் இருந்த இடத்தில் 'ஏதாவது' போடுங்கள்: "சார், நாளைக்கு மீட்டிங் ஏதாவது இருந்தா முன்னாடியே சொல்லுங்க." மீட்டிங் உண்டா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது என்பது அப்படியே இருக்கிறது, சின்னதாக்கும் ஓசை மட்டும் போய்விட்டது. 'கிழங்கு', 'கீரை' என்று கி, கீ-யிலேயே தொடங்கும் சொற்களில் நம் நாக்கே தயங்கி "கீரை ஏதாவது இருக்கா?" என்று இந்தப் பக்கம்தான் திரும்புகிறது. பரப்பைச் சொல்ல வேண்டுமானால் "மீட்டிங், கால் மாதிரி ஏதாவது" என்று பெயர் சொல்லியே எழுதலாம். விண்ணப்பம், அலுவலகக் கடிதம், ஒப்பந்தம் போன்றவற்றில் எதிரொலியே வேண்டாம். எது எது அடக்கம் என்பதைக் கேட்பவர் ஊகித்துக்கொள்ளும்படி விடுவதுதான் இதன் வேலை. அந்தத் தாள்களில் அப்படி விட முடியாது.

பக்கத்து நாற்காலி நண்பரிடம் "இன்னிக்கு மீட்டிங் கீட்டிங் இருக்காடா?" என்று தாராளமாகக் கேளுங்கள், அந்த மீட்டிங் உங்கள் இருவருக்குமே தலைவலிதான். மேனேஜரிடம் "ஊர்ல பேசுற வழக்கத்துல வந்துடுச்சு சார்" என்று ஒரு வரி சொன்னால் போதும். அடுத்த தடவை அவரே "காபி கீபி?" என்று கேட்டால், "டீ சார்" என்று சொல்லிவிடுங்கள்.