முகப்பில் மாட்டிய பழைய படங்கள்: டிஃப்பா, ஜேபெக்கா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் ஐயாவின் அப்பச்சி ரங்கூனில் எடுத்துக்கொண்ட படம் முகப்பில் மாட்டியிருக்கிறது. மங்கிப்போய் முகமே வெளிறிக் கிடக்கிறது. காரைக்குடியில் ஸ்கேன் செய்யக் கொடுத்தால், "ஜேபெக்கிலேயே தரம் 100 வைத்துத் தருகிறேன், டிஃப்புக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது" என்கிறார்கள். நம்பலாமா? (தேவகோட்டை)

டிஃப், ஜேபெக் இரண்டும் படத்தைச் சேமிக்கும் கோப்பு வகைகள். ஸ்கேன் செய்த அன்றைக்குத் திரையில் வித்தியாசம் தெரியாது என்பது உண்மை. ஆனால் உங்கள் படத்தை நீங்கள் அப்படியே வைத்திருக்கப் போவதில்லை. வெளிறிய முகத்தைத் தெளிவாக்கத்தான் ஸ்கேனே செய்கிறீர்கள். வித்தியாசம் அப்போதுதான் வெளிவரும்.

சாதாரண ஜேபெக், நிறம் ஒன்றுக்கு 8 பிட்தான் வைத்துக்கொள்ளும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள். நல்ல படம் இந்த 256 படிகளிலும் பரவியிருக்கும். மங்கிய படம் அப்படியல்ல. கறுப்பாக இருந்த கோட்டு பழுப்பாகிவிட்டது, வெள்ளையாக இருந்த வேட்டி மஞ்சளாகிவிட்டது. உதாரணத்துக்கு, படம் முழுவதும் 150-க்கும் 215-க்கும் நடுவில் அடங்கிவிட்டது என்று வையுங்கள். அப்படியானால் கையில் இருப்பது 66 படிகள் மட்டுமே. அதை 0 முதல் 255 வரை இழுத்து நிரப்பினால், ஒவ்வொரு படிக்கும் நடுவே இரண்டு மூன்று படிகள் காலியாக நிற்கும். போட்டோ மென்பொருளில், எந்தப் படியில் எத்தனை பிக்சல் என்று காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்தால் சீப்புப் பல் மாதிரி இடைவெளி விட்டு நிற்பது இதுதான். படத்தில் கன்னத்தின் மென்மையான நிழல் பட்டை பட்டையாக உடைந்து தெரியும்.

16 பிட் டிஃப்பில் அதே இடைவெளிக்குள் 16,000-க்கு மேல் படிகள் இருக்கும். ஸ்கேனரின் சென்சார் அத்தனையையும் உண்மையாகப் பிரித்தறியாது, கடைசி சில பிட்டுகள் வெறும் இரைச்சல்தான். இருந்தாலும் 66 படிகளோடு ஒப்பிடவே முடியாத அளவு மிச்சம் இருக்கும். நான்கு மடங்கு இழுத்தாலும் நிழல் உடையாது.

இரண்டாவது பிரச்சினை ஜேபெக் சுருக்கும் விதம். அது படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண் கவனிக்காது என்று அது கருதும் மெல்லிய வேறுபாடுகளைத் தள்ளிவிடும். மங்கிய படத்தில் முகம், சரிகைக் கரை, கழுத்திலிருக்கும் நகை எல்லாமே மெல்லிய வேறுபாடாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. அதாவது நீங்கள் மீட்க நினைப்பதைத்தான் அது முதலில் தள்ளுகிறது. தரம் 100 வைத்தால் இந்த இழப்பு மிகவும் சிறிதாகிவிடும், ஸ்டுடியோக்காரர் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் 8 பிட் என்பது 100-லும் 8 பிட்தான்.

"ஸ்கேனரிலேயே வெளிச்சத்தைச் சரிசெய்துவிட்டு ஜேபெக் எடுத்தால்?" என்று அடுத்துக் கேட்பார்கள். ஸ்கேனர் உள்ளே அதிக பிட்டில் வேலை செய்வதால், அப்படி எடுத்த படம் வழவழப்பாகவே இருக்கும். ஆனால் அன்றைக்கு அவர் கைபோன போக்கில் வைத்த அளவு நிரந்தரமாகிவிடும். வேட்டியின் மடிப்பு வெள்ளைக்குள் கரைந்துவிட்டால் கரைந்ததுதான்.

ஆகவே கடையில் இப்படிக் கேளுங்கள்: 48-bit Color, அதாவது மூன்று நிறத்துக்கும் 16 பிட் வீதம், 600 dpi, டிஃப், தானியங்கித் திருத்தம், கூர்மையாக்கல், தூசி நீக்கல் எல்லாம் அணைத்து. வருகிற கோப்பு மங்கலாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அதுதான் மூலம், அதில் கை வைக்காதீர்கள். திருத்தமெல்லாம் நகலில்.

இன்னொன்று: கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரேஸ்கேலில் எடுக்க விடாதீர்கள். வண்ண ஸ்கேன் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சானல்களாகப் பதியும். மஞ்சள் கறை நீலச் சானலில் கறுப்பாகப் பதியும், சிவப்புச் சானலில் ஏறக்குறைய மறைந்துவிடும். வண்ணத்தில் எடுத்திருந்தால் சிவப்புச் சானலை மட்டும் எடுத்துக்கொண்டு கறையைப் பாதி வேலையில் ஒழித்துவிடலாம்.

இருபது வருஷத்துக்கு முன் வீட்டு ஆல்பம் முழுவதையும் ஜேபெக்காக ஸ்கேன் செய்தோம். இப்போது எல்லாவற்றையும் டிஃப்பாக மாற்றிவிட்டால் பாதுகாப்புதானே? (கானாடுகாத்தான்)

ஜேபெக் தள்ளிவிட்டதை டிஃப் திரும்பக் கொண்டுவராது. கோப்பு பெரிதாகும், அவ்வளவுதான். அதைவிட, பின்னால் வருகிறவர்கள் இதை மூல ஸ்கேன் என்று நினைத்துவிடுவார்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்த ஜேபெக்குகளை ஜேபெக்காகவே வைத்திருங்கள். திறந்து பார்ப்பதாலோ நகலெடுப்பதாலோ அவை கெடாது. வெட்டியும் திருத்தியும் அதே பெயரில் மறுபடி சேமிக்கும்போதுதான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும்.

அசல் படங்கள் இன்னும் வீட்டில் இருந்தால், மங்கியவற்றை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்தால் போதும். 1990-களில் எடுத்த, நிறம் மாறாத கலர் பிரிண்டுக்கு உயர் தர ஜேபெக்கே தாங்கும் என்பது என் கருத்து.

வெளியே கொடுத்து ஸ்கேன் செய்தோம். பென்டிரைவில் எல்லாம் .tif என்றுதான் இருக்கிறது. ஜேபெக்கை மாற்றித் தந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? (பள்ளத்தூர்)

இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளை நிறுவிவிட்டு இதை ஓட்டுங்கள்:

```
magick identify -format "%m %C %z %wx%h\n" padam01.tif
```

6-க்கு 8 அங்குலப் படத்தை நீங்கள் கேட்டபடி எடுத்திருந்தால் `TIFF None 16 3600x4800` என்பதை ஒட்டி வரவேண்டும். இரண்டாவது சொல் `JPEG` என்று வந்தால், டிஃப் உறைக்குள் ஜேபெக் சுருக்கமே உட்கார்ந்திருக்கிறது. டிஃப் அதையும் அனுமதிக்கும் என்பதால் பெயரை மட்டும் நம்ப முடியாது. மூன்றாவது எண் 8 என்றால் 16 பிட்டில் எடுக்கவில்லை. அகல உயரம் குறைந்தால் 600 dpi இல்லை.

எல்லாம் சரியாக வந்தும் சந்தேகம் தீராவிட்டால் கண்ணால்தான் பார்க்கவேண்டும். ஒரு நகலில் கான்ட்ராஸ்டை நன்றாக ஏற்றிவிட்டு 400 சதவீதம் பெரிதாக்குங்கள். கறுப்புக் கோட்டுப் போட்டவருக்குப் பக்கத்தில் வெறும் சுவர் இருக்குமே, அந்த ஓரத்தைப் பாருங்கள். சின்னச் சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றும் எட்டு பிக்சல், தெரிந்தால் அது ஒரு தடவையாவது ஜேபெக்காக இருந்த கோப்பு. காகிதத்தின் நார், ஒழுங்கில்லாத பொடி இரைச்சல் தெரிந்தால் கவலையில்லை.

800 படங்கள் இருக்கின்றன. டிஃப் ஒவ்வொன்றும் 100 எம்பி வருகிறது. ஜேபெக் 2000 போட்டால் தரமும் போகாது, இடமும் மிச்சம் என்று மகன் சொல்கிறான். (ஆத்தங்குடி)

மகன் சொல்வது தப்பில்லை. 2000-ல் தரநிலையாக வந்த ஜேபெக் 2000-க்கும் சாதாரண ஜேபெக்குக்கும் பெயர்தான் ஒன்று, வேலை செய்யும் முறை வேறு. கட்டங்களாக வெட்டாமல் வேவ்லெட் முறையில் சுருக்குகிறது, 16 பிட்டையும் ஏற்கிறது, ஒரு பிக்சல்கூட மாறாமல் சுருக்கவும் அதற்குத் தெரியும்.

முதலில் இடத்தைக் கணக்குப் போடுவோம். 3600-ஐ 4800-ஆல் பெருக்கினால் ஒரு கோடியே 73 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு 6 பைட் என்றால் 104 எம்பி. 800 படத்துக்கு 83 ஜிபி. ஒரு டிபி டிஸ்கில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இழப்பில்லாத ஜேபெக் 2000 போட்டால் இதில் ஒரு பகுதி குறையும். 8 பிட் படத்தில் பாதியளவு குறையலாம், 16 பிட்டில் அந்தக் கடைசிப் பிட்டுகளின் இரைச்சல் சுருங்காது என்பதால் அவ்வளவு கிடைக்காது. லட்சக்கணக்கான பக்கங்கள் வைத்திருக்கும் நூலகத்துக்கு அது பெரிய மிச்சம். உங்களுக்கு மிஞ்சிப்போனால் முப்பது நாற்பது ஜிபி மிச்சம், அவ்வளவுதான்.

அதற்கு ஈடாகக் கொடுப்பது என்ன? `.jp2` கோப்பு பல கணினிகளில் இரட்டைச் சொடுக்கில் திறக்காது, குரோமும் ஃபயர்பாக்ஸும் காட்டாது. இழப்பில்லாததும் இழப்புள்ளதும் ஒரே `.jp2` பெயரில்தான் வரும், சேமிக்கும்போது தரம் என்ற அளவு கொஞ்சம் நகர்ந்துவிட்டால் நமக்குத் தெரியாமலேயே இழப்புள்ளதாகிவிடும். அப்புறம் டிஸ்கில் நாலு பைட் கெட்டுப்போனால், சுருக்காத டிஃப்பில் பெரும்பாலும் ஓரிரு பிக்சல்தான் புள்ளியாகத் தெரியும். சுருக்கிய கோப்பில் அந்தச் சேதம் பரவும். வீட்டில் வைக்கிற மூலத்துக்குச் சுருக்காத டிஃப்பே போதும் என்பேன். டிஃப்பில் LZW சுருக்கமும் வேண்டாம், 16 பிட் படத்தில் அது கோப்பைப் பெரிதாக்கிவிடுவதும் உண்டு.

மகன் ஆசைப்பட்டால் ஒரு படத்தில் சோதித்துப் பார்க்கட்டும். ஓப்பன்ஜேபெக் மென்பொருளில் இப்படி:

```
opj_compress -i a.tif -o a.jp2
opj_decompress -i a.jp2 -o b.tif
magick compare -metric AE a.tif b.tif null:
```

எந்த அளவையும் கொடுக்காவிட்டால் முதல் கட்டளை இழப்பில்லாமல்தான் சுருக்கும். கடைசி வரிக்கு 0 என்று விடை வந்தால் ஒரு பிக்சலும் மாறவில்லை. இந்தச் சோதனையை ஒவ்வொரு கோப்புக்கும் செய்து முடிக்கிற வரை டிஃப்பை அழிக்கக் கூடாது. மிச்சமாகும் பணத்தில், இல்லை, மிச்சமாகாவிட்டாலும், இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி வேறு ஊரில் இருக்கும் பிள்ளைகள் வீட்டில் வையுங்கள்.

மலேசியாவில் இருக்கும் பங்காளிகள் படங்களைக் கேட்கிறார்கள். டிஃப்பையே அனுப்பட்டுமா? (கண்டனூர்)

வேண்டாம். திருத்திய நகலிலிருந்து நீளப் பக்கம் 2400 பிக்சல், sRGB, தரம் 90 என்று ஒரு ஜேபெக் எடுத்து அனுப்புங்கள். இங்கேதான் ஜேபெக்குக்கு வேலை, எந்தப் போனிலும் திறக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது இன்னொரு முறை சுருக்கிவிடும், டாகுமெண்டாக இணையுங்கள். யாராவது பெரிதாக அச்சிட்டு மாட்டவேண்டும் என்றால் அவருக்கு மட்டும் திருத்திய டிஃப்.

அப்பத்தா படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தால் கிழியும் போலிருக்கிறது. போன் கேமராவில் எடுத்தால் ஜேபெக்தானே வரும்? (கோட்டையூர்)

பிரிக்காதீர்கள். ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் பிடித்திருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். உங்கள் போன் கேமராவின் அமைப்பில் RAW இருந்தால் அதை இயக்குங்கள். அப்போது `.dng` என்று ஒரு கோப்பு சேமிக்கும், 8 பிட்டைவிட அதிக ஆழம் அதில் இருக்கும். படத்தை வளவில் நிழலான பக்கம் நிமிர்த்தி வைத்து, போனுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள், கண்ணாடியில் வானமும் தூணும் தெரியாது. ஃபிளாஷ் கூடாது. எடுத்த `.dng`-யிலிருந்து 16 பிட் டிஃப் உருவாக்கி அதில் திருத்துங்கள். `.dng` கோப்பையும் அழிக்காமல் டிஃப் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள்.